பேக்டெஸ்ட் எங்கே ஏமாற்றுகிறது: நிஃப்டி 50-இல் ஒரு விதியைச் சோதிக்கும் முழு வழிமுறை

ஒரு வர்த்தக விதியைப் பழைய விலைகளில் ஓட்டி, அது லாபம் தந்திருக்குமா என்று பார்ப்பதுதான் பேக்டெஸ்ட். இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியைத்தான் கையில் எடுக்கிறோம். நிஃப்டி 50-இல் உள்ள ஒரு பங்கு தன் 52 வார உச்சத்திலிருந்து 30 சதவீதம் இறங்கினால், மறுநாள் காலை வாங்க வேண்டும். 90 வர்த்தக நாள் வைத்திருந்து விற்றுவிட வேண்டும். "நல்ல கம்பெனி, விலை குறைந்திருக்கிறது, வாங்கிப் போடு" என்று எல்லோரும் சொல்வதுதான் இது.

இதை இன்றைய நிஃப்டி 50 பட்டியலை இறக்கி, 2010 முதலான விலையில் ஓட்டிப் பார்த்தால் கோடு அழகாக மேலே போகும். 30-ஐ 35 ஆக்கி, 90-ஐ 110 ஆக்கினால் இன்னும் அழகாகும். முதல் அழகு பிழைத்த பங்குகளை மட்டும் பார்த்ததால் வந்தது. அதுதான் சர்வைவர்ஷிப் பயஸ். இரண்டாவது, நடந்து முடிந்த விலைக்கு அளவெடுத்து விதியைத் தைத்ததால் வந்தது. அது ஓவர்ஃபிட்டிங். இரண்டையும் பிடிக்க வேண்டுமானால் கீழே உள்ள வரிசை மாறக்கூடாது.

## 1. விலையைத் தொடும் முன் எழுத வேண்டியது

ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதித் தேதி போடுங்கள். விதி என்ன, அது ஏன் வேலை செய்ய வேண்டும், எந்தெந்த எண்களைச் சோதிக்கப் போகிறோம், எந்த முடிவு வந்தால் விதியைக் கைவிடுவோம்.

நம் விதிக்குக் காரணம் இப்படி இருக்கலாம்: பயத்தில் விற்பவர்கள் விலையை நியாயத்துக்குக் கீழே தள்ளுகிறார்கள், சில மாதங்களில் அது திரும்புகிறது. இது எழுத்தில் இருந்தால், பிறகு "60 சதவீதம் இறங்கினால் வாங்கு, 10 நாளில் விற்றுவிடு" என்ற சேர்க்கை நல்ல லாபம் காட்டும்போது, அது நம் காரணத்தோடு ஒட்டவில்லை என்பது உடனே தெரியும். எழுதாமல் விட்டால், எந்த எண் ஜெயிக்கிறதோ அதற்கேற்ற காரணத்தை மனம் தானாகவே ஜோடித்துவிடும்.

அந்தத் தாளின் பின்பக்கம் ஓட்டக் கணக்கு. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஒரு கோடு போடுங்கள். "சும்மா பார்த்தேன்" என்பதும் ஓட்டம்தான். இந்த எண்ணிக்கை 7-ஆம் படியில் தேவைப்படும். நினைவிலிருந்து சொன்னால் எப்போதும் குறைத்தே சொல்வோம்.

## 2. ஒரு பகுதியைப் பூட்டி வைப்பது

2010 முதல் 2018 வரை பழகுவதற்கு. 2019-க்குப் பிந்தையது கடைசித் தேர்வுக்கு. பிந்தைய பகுதியைத் தனிக் கோப்புறையில் போட்டு, நிரல் அதைத் தொடாதபடி வையுங்கள். விலை வரைபடத்தைக்கூடத் திறக்காதீர்கள்.

இதில் ஒரு ஓட்டை உண்டு, அதை அடைக்க முடியாது. 2020-இல் என்ன நடந்தது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நிஃப்டி ஜனவரி 14 அன்று 12,362-இல் முடிந்தது. மார்ச் 23 அன்று 7,610. பிறகு ஓராண்டுக்குள் இரு மடங்கு. "சரிவில் வாங்கு" என்ற யோசனையே அந்த நினைவிலிருந்து வந்திருக்கலாம். அப்படியானால் பூட்டிய பகுதி பாதி திறந்த கேள்வித்தாள்தான். அதில் வரும் மதிப்பெண்ணை அந்த அளவுக்கே நம்ப வேண்டும்.

## 3. அன்றைய பட்டியலை மீட்டெடுப்பது

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். அதனால் இந்தப் படிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

இன்றைய நிஃப்டி 50 என்பது தேர்வு முடிவு வந்தபின் தேறியவர்களை மட்டும் எழுதிய பட்டியல். 2008-இல் அந்தக் குறியீட்டில் சத்யம், யூனிடெக், சுஸ்லான், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் எல்லாம் இருந்தன. சத்யத்தில் 2009 ஜனவரி 7 அன்று கணக்கு மோசடி வெளியானது. சில நாட்களிலேயே குறியீட்டிலிருந்து நீக்கப்பட்டது. மற்றவையும் ஒவ்வொன்றாக வெளியேறின. அன்று வாங்குபவர் இவற்றையும் வாங்கியிருப்பார். இன்றைய பட்டியலை வைத்துச் சோதிப்பவர் மட்டும் வாங்குவதில்லை.

யெஸ் பேங்க்கை நம் விதியில் போட்டுப் பார்க்கலாம். 2018 ஆகஸ்டில் உச்சம் 404 ரூபாய் அளவில். 30 சதவீதம் கீழே என்றால் சுமார் 283. செப்டம்பர் 21 அன்று, நிர்வாக இயக்குநரின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி சுருக்கிய செய்தியால், பங்கு ஒரே நாளில் 29 சதவீதம் விழுந்து 227 அளவில் முடிந்தது. விதி "வாங்கு" என்கிறது. அதற்குப் பிறகும் அது மீளவில்லை. 2020 மார்ச் 6 அன்று 16 ரூபாய் சொச்சத்தில் முடிந்தது. 90 நாளில் விற்பவர் இதன் முழு அடியையும் ஒரே வர்த்தகத்தில் வாங்கமாட்டார். ஆனால் உச்சத்திலிருந்து 30 சதவீதம் கீழேயே பங்கு கிடந்ததால், விற்ற மறுநாளே விதி மறுபடி "வாங்கு" என்று சொல்லும். 2020 மார்ச்சிலேயே யெஸ் பேங்க் நிஃப்டியிலிருந்து நீக்கப்பட்டது. ஆகவே இன்றைய பட்டியலில் இந்த வர்த்தகங்களில் ஒன்றுகூட இருக்காது.

இது மொத்த முடிவை எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. இன்றைய பட்டியலில் 40 வர்த்தகம், சராசரி லாபம் 12 சதவீதம். அன்றைய பட்டியலைப் போட்டால் கூடுதலாக நான்கே நான்கு வர்த்தகம், ஒவ்வொன்றிலும் 90 சதவீத நஷ்டம். கூட்டினால் 480 கழித்தல் 360, அதாவது 120. இதை 44-ஆல் வகுத்தால் 2.7. நாலு பங்கு விடுபட்டதில் 12 சதவீதம் 2.7 ஆகிவிட்டது. சரிவில் வாங்கும் விதிகளுக்கு இந்தப் பிழை மற்ற விதிகளைவிட அதிகம் உதவுகிறது. ஏனென்றால், விழுந்தும் இன்றைய பட்டியலில் இருக்கும் பங்கு என்றால் அது எழுந்த பங்கு என்றுதான் பொருள்.

மறுபக்கமும் உண்டு. பஜாஜ் ஃபைனான்ஸ் 2017 செப்டம்பரில்தான் நிஃப்டி 50-க்குள் வந்தது, அதுவும் பல பத்து மடங்கு ஏறிய பிறகு. இன்றைய பட்டியலோடு 2010-இல் தொடங்கினால், அது நிஃப்டியில் இல்லாத ஏழு ஆண்டுகளின் ஏற்றத்தையும் உங்கள் விதி சேர்த்து அனுபவிக்கிறது.

மீட்டெடுக்கும் வேலை இப்படி:

முதலில் குறியீட்டு மாற்றங்கள். நிஃப்டி ஆண்டுக்கு இருமுறை, மார்ச் இறுதியிலும் செப்டம்பர் இறுதியிலும் திருத்தப்படுகிறது. இடையில் அவசர மாற்றங்களும் உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்எஸ்இ இண்டைசஸ் செய்திக்குறிப்பு வெளியிடுகிறது. இன்றைய 50-இல் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள்: சேர்த்ததை நீக்கி, நீக்கியதைச் சேர்க்க வேண்டும். அறிவித்த தேதியைக் குறிக்காதீர்கள். நடைமுறைக்கு வந்த தேதிதான் கணக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணிக்கை சரியாக வருகிறதா பாருங்கள். இடையில் 49 அல்லது 51 வந்தால் ஏதோ ஒரு அவசர மாற்றம் விட்டுப்போயிருக்கிறது. டாடா மோட்டார்ஸின் குறைந்த வாக்குரிமைப் பங்கான டிவிஆர் சில காலம் 51-ஆவதாக இருந்தது, அதுபோன்றவை விதிவிலக்கு.

அடுத்து விலை. இலவசத் தளங்களில் பட்டியலிலிருந்து நீங்கிய பங்குகளின் விலை பெரும்பாலும் கிடைக்காது. என்எஸ்இயின் பழைய பாவ்காப்பி கோப்புகளை எடுங்கள். அந்தந்த நாளில் வர்த்தகமான எல்லாப் பங்கும் அதில் இருக்கும், பிறகு செத்ததும் சேர்த்து. ஆனால் அது அன்றைய அசல் விலை. போனஸ், பங்குப் பிரிப்பு இரண்டையும் நீங்களே சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் 1:1 போனஸ் கொடுத்த நாளை 50 சதவீதச் சரிவு என்று எடுத்துக்கொண்டு நம் விதி சந்தோஷமாக வாங்கிவிடும்.

பாவ்காப்பியில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, பங்கின் சிம்பல் மாற்றம்: இன்ஃபோசிஸ் 2011 வரை `INFOSYSTCH`, பிறகு `INFY`. இணைக்காவிட்டால் ஒரு கம்பெனி செத்து இன்னொன்று பிறந்ததுபோல் தெரியும். என்எஸ்இ தரும் `symbolchange.csv` இதற்கு உதவும். பங்கின் அடையாள எண்ணான ஐசினை மட்டும் நம்பாதீர்கள். முகமதிப்பு மாறும்போது அதுவும் மாறுகிறது.

இரண்டாவது பள்ளம் நுட்பமானது. எல்லோரும் `SERIES` பத்தியில், வழக்கமான பங்குகளைக் குறிக்கும் `EQ` என்று வடிகட்டுவார்கள். ஆனால் கண்காணிப்புக்கு உள்ளாகும் பங்கு `BE`-க்கும், விதிகளைப் பின்பற்றாத கம்பெனி `BZ`-க்கும் மாற்றப்படுகிறது. பங்கு நோயில் விழும் நேரம் பார்த்து உங்கள் வடிகட்டி அதை வெளியே தள்ளிவிடும். சரியான பட்டியல் வைத்திருந்தும் பிழைத்தவர்களை மட்டும் பார்க்கும் நிலைக்கே திரும்பிவிடுவீர்கள். மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

## 4. விலை நின்றுபோன பங்குக்கு முடிவு எழுதுவது

கையில் வைத்திருக்கும் பங்கின் விலை திடீரென்று நின்றால் நிரல் என்ன செய்கிறது? பெரும்பாலான நிரல்கள் இரண்டில் ஒன்றைச் செய்யும். அந்த வர்த்தகத்தையே கணக்கிலிருந்து தூக்கிவிடும், அல்லது கடைசி விலையை அப்படியே முன்னால் இழுத்துக்கொண்டு போகும். இரண்டுமே நஷ்டத்தை மறைக்கிறது.

டிஹெச்எஃப்எல் என்ற வீட்டுக்கடன் கம்பெனி இதற்கு நல்ல உதாரணம். திவால் தீர்வின்கீழ் 2021 ஜூனில் அதன் வர்த்தகம் நின்றது. பங்குதாரர்களுக்கு ஒரு பைசாகூடக் கிடைக்கவில்லை. கடைசி விலை எதுவாக இருந்தாலும் சரியான முடிவு விலை பூஜ்யம். மாறாக, இன்னொரு கம்பெனியோடு இணைந்து மறைந்த பங்குக்குப் பரிமாற்ற விகிதப்படி மதிப்பு உண்டு. ஆகவே விலை நின்ற ஒவ்வொரு பங்குக்கும் கையால் ஒரு வரி எழுதுங்கள்: இணைப்பு, திவால், தாமாக வெளியேறல், கிடைத்த தொகை. நிஃப்டி அளவுக்கு இது ஒரு மாலை நேர வேலைதான்.

குறித்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிடும் ஸ்டாப்லாஸ் சேர்ப்பவர்கள் கவனிக்க: ஒரு நாளில் விலை இறங்கக்கூடிய எல்லையான கீழ் சர்க்யூட்டில் வாங்க ஆள் இல்லாதபோது ஸ்டாப்லாஸ் நிறைவேறாது. யெஸ் பேங்க்கில் இன்னொன்றும் நடந்தது. 2020 மார்ச் மறுசீரமைப்புத் திட்டத்தில், 100 அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருந்தவர்களின் கையிருப்பில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்கு விற்க முடியாமல் பூட்டினார்கள். எந்தப் பேக்டெஸ்ட் நிரலும் இதைத் தானாக அறியாது.

## 5. பட்டியல் சுத்தமா என்று சோதிப்பது

விதியை ஓட்டும் முன் ஒரு ஓட்டம். எந்த விதியும் இல்லாமல், அந்தந்தத் தேதியில் நிஃப்டியில் இருந்த 50-ஐயும் சம அளவில் வாங்கி வைத்திருப்பதாகக் கணக்கிடுங்கள். அதை நிஃப்டி 50 ஈக்வல் வெயிட் குறியீட்டோடு ஒப்பிடுங்கள். உங்கள் கணக்கில் ஈவுத்தொகை சேர்ந்திருந்தால் மொத்த வருவாய்க் குறியீட்டோடும், இல்லையென்றால் விலைக் குறியீட்டோடும்.

இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டிப் போக வேண்டும். உங்கள் கோடு ஆண்டுக்கு ஐந்தாறு சதவீதம் மேலே போனால், அந்த லாபம் விதியிலிருந்து வரவில்லை, பட்டியலிலிருந்து வருகிறது. 3-ஆம் படிக்குத் திரும்புங்கள். காசு கொடுத்து வாங்கிய தரவுக்கும் இதே சோதனைதான். விற்பவர் "முழுமையானது" என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

## 6. முதல் ஓட்டம்: வர்த்தகத்தை எண்ணாமல் சரிவை எண்ணுவது

30 சதவீதம், 90 நாள், எழுதி வைத்ததை அப்படியே ஓட்டுங்கள். மாலை முடிவு விலையில் சமிக்ஞை, மறுநாள் திறப்பு விலையில் வாங்கல். அதே முடிவு விலையில் வாங்கியதாகக் கணக்கிட்டால், தெரிந்துகொள்ளும் முன்பே வாங்கியதாக ஆகும். செலவையும் இப்போதே கழியுங்கள். டெலிவரியில் பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி மட்டும் வாங்கும்போது 0.1, விற்கும்போது 0.1 சதவீதம்.

"44 வர்த்தகம், போதுமான அளவு" என்று இங்கே பலர் திருப்திப்படுவார்கள். தேதிகளைப் பாருங்கள். பெரிய சரிவு ஒன்றில் ஒரே மாதத்தில் இருபது பங்கு 30 சதவீதம் இறங்கும். சந்தை திரும்பும்போது இருபதும் சேர்ந்து ஏறும். அவை இருபது சாட்சிகள் இல்லை, ஒரே சாட்சி இருபது முறை பேசியது. ஒன்றன்மேல் ஒன்று விழும் வர்த்தகங்களை ஒரு கொத்தாகக் கட்டி எண்ணினால் 44 என்பது ஏழு, எட்டாகச் சுருங்கலாம். உங்கள் கையில் உள்ள உண்மையான ஆதாரம் அவ்வளவுதான். சிறந்த கொத்து ஒன்றை எடுத்துவிட்டுச் சராசரி பாருங்கள். லாபம் மறைந்தால், நீங்கள் கண்டுபிடித்தது விதி இல்லை, ஒரு குறிப்பிட்ட மாதம்.

## 7. எண்களை மாற்றிப் பார்ப்பதன் விலை

இறக்கம் 15 முதல் 60 சதவீதம் வரை ஐந்தைந்தாக 10 அளவு. வைத்திருக்கும் காலம் 10 முதல் 200 நாள் வரை பத்துப் பத்தாக 20 அளவு. ஸ்டாப்லாஸ் 5 அளவு. பெருக்கினால் 1,000 சேர்க்கை. கணினிக்குச் சில நிமிட வேலை. அதில் முதலிடம் வந்ததை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு, எந்தத் திறமையும் இல்லாத 1,000 விதிகளை ஓட்டிப் பாருங்கள்:

```python
import numpy as np
rng = np.random.default_rng()
r = rng.normal(0, 0.01, size=(1000, 1250))
sharpe = r.mean(axis=1) / r.std(axis=1) * 250**0.5
print(np.median(sharpe), sharpe.max())
```

ஒவ்வொரு வரிசையும் ஒரு "விதி", 1,250 நாள், அதாவது ஐந்தாண்டு. தினசரி வருவாய் வெறும் குலுக்கல், சராசரி பூஜ்யம். ஷார்ப் ரேஷியோ என்பது ஆண்டு வருவாயை அதன் ஏற்ற இறக்கத்தால் வகுத்த எண். நடுவில் உள்ள விதிக்கு அது பூஜ்யத்தை ஒட்டி வரும். முதலிடத்துக்கோ பெரும்பாலும் 1.3-இலிருந்து 1.7 வரை வரும். 1.45 என்று வைத்துக்கொண்டால், இந்த ஏற்ற இறக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 23 சதவீத வருவாய். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததுதான். ஆனால் ஆயிரம் காக்கையை உட்கார வைத்து, பழம் விழுந்த மரத்தை மட்டும் காட்டுகிறோம்.

ஒரே ஒரு விதியை மட்டும் ஓட்டினால் ஐந்தாண்டுத் தரவில் தற்செயலாக வரும் ஷார்ப்பின் விலகல் சுமார் 0.45. நூறு ஓட்டத்தில் சிறந்தது அதைப்போல் இரண்டரை மடங்கு, ஆயிரத்தில் மூன்றேகால் மடங்கு வரை எட்டும். நிஜத்தில் பக்கத்துப் பக்கத்துச் சேர்க்கைகள் ஒரே பங்குகளை வாங்குவதால் ஆயிரம் என்பது முழு ஆயிரம் ஆகாது. அதனால் வீக்கம் சற்றுக் குறையும், போய்விடாது.

உங்கள் விதிக்கே பொருந்தும் சோதனை இது. ஒவ்வொரு கொத்தையும் அப்படியே எடுத்து, குறியீட்டில் அந்தப் பங்குகள் இருந்த காலத்துக்குள் வேறொரு தேதிக்குக் குருட்டாம்போக்கில் நகர்த்துங்கள். அதே பங்கு, அதே 90 நாள், தேதி மட்டும் வேறு. கொத்தைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் ஆதாரம் அதிகம் இருப்பதுபோல் தோன்றும். இப்படி 1,000 முறை செய்து, எத்தனை முறை குருட்டுத் தேதிகள் உங்கள் விதியை வென்றன என்று எண்ணுங்கள்.

ஒரே ஓட்டம் ஓட்டியவருக்கு 50-க்குள் இருந்தால் போதும். முதல் படியில் போட்ட கோடுகள் 20 என்றால், அந்த 50-ஐ 20-ஆல் வகுக்க வேண்டும்: இரண்டுக்கு மேல் போகக் கூடாது. கொஞ்சம் கறாரான கணக்குதான். நம் பணத்தைப் போடும் இடத்தில் கறாராக இருப்பதில் தப்பில்லை.

## 8. அக்கம்பக்கத்தைப் பார்ப்பது

முதலிடம் வந்த எண்ணை விடுங்கள், அதன் பக்கத்து எண்களைப் பாருங்கள். 35 சதவீதம், 110 நாள் என்பது ஆண்டுக்கு 18 சதவீதம் காட்டி, 30-உம் 40-உம் மூன்று நான்கு சதவீதமே காட்டினால், அது ஒற்றை ஊசி. ஏதோ ஒரு பங்கு ஏதோ ஒரு நாளில் 35-ஐத் தொட்டு 40-ஐத் தொடாமல் திரும்பியிருக்கும், அவ்வளவுதான். வர்த்தகப் பட்டியலில் தேடினால் அந்தப் பங்கின் பெயரே கிடைக்கும்.

பயத்தில் விற்பதுதான் காரணம் என்றால், அது 34-இல் இல்லாமல் 35-இல் மட்டும் இருக்க வழியில்லை. ஆகவே மேட்டுநிலம் தேடுங்கள்: 25 முதல் 40 வரை, 70 முதல் 130 நாள் வரை எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி வருகிற பகுதி. எதிர்பார்ப்பாக எழுத வேண்டியது அந்தப் பகுதியின் நடு மதிப்பை, உச்சியை இல்லை. வங்கிப் பங்குகளை மட்டும் விலக்கு, வெள்ளிக்கிழமை வாங்காதே என்று இந்தக் கட்டத்தில் புதிதாக ஒட்டும் ஒவ்வொரு நிபந்தனையும் ஓட்டக் கணக்கில் இன்னும் கோடுகள்.

## 9. பூட்டைத் திறப்பது

ஒரே விதி, ஒரே எண் சேர்க்கை, ஒரே முறை. திறக்கும் முன் தாளில் எழுதுங்கள்: பழகிய காலத்தின் நடு மதிப்பில் பாதிக்குக் கீழே வந்தால் கைவிடுவேன். பாதி என்பது ஒரு நடைமுறை அளவுகோல்தான். முன்கூட்டியே எழுதியிருப்பதுதான் முக்கியம்.

வந்த முடிவு பிடிக்காமல் விதியைச் சற்றுத் திருத்தி மறுபடி ஓட்டினால், அந்த நொடியே 2019-க்குப் பிந்தைய பகுதியும் பழகும் பகுதியாகிவிடும். அதைத் திரும்பப் பூட்ட முடியாது. இதன்பின் உங்களிடம் மிஞ்சுவது இன்னும் வராத விலைகள் மட்டுமே. எண்களை உறைய வைத்து, பணம் போடாமல் தாளில் வர்த்தகம் எழுதிக்கொண்டே போக வேண்டும். நம் விதிக்கு அது மெதுவான வேலை. பெரிய சரிவு ஆண்டுக்கு ஒன்றுகூட வராது என்பதால், ஒரு ஆண்டுத் தாள் வர்த்தகம் அரைக் கொத்துக்குக்கூடச் சமமாகாமல் போகலாம். எத்தனை மாதம் ஆனது என்று பார்க்காமல், எத்தனை சரிவு கடந்தது என்று எண்ணுங்கள்.